“ஒரு வீடியோவுக்கு எவ்வளவு ப்ரோ?”

வீடியோ எடிட்டிங் தெரியும் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், இன்ஸ்டா மெசேஜில் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். பலரும் எதிர்க்கேள்வி எதுவும் கேட்காமல் “ஆயிரம் ரூபாய்” என்று சொல்லிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு சமையல் சேனலை எடுத்துக்கொள்வோம். யூடியூபில் போகப்போவது 8 நிமிட வீடியோ. ஆனால், உங்கள் கைக்கு வருவது 70 நிமிட ஃபுட்டேஜ். அதைப் பார்த்து, தேவையானதைக் குறித்துவைக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். வெட்டி ஒட்ட 3 மணி நேரம். மிக்ஸி, எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தைக் குறைத்து, பேச்சை ஒரே அளவுக்குக் கொண்டுவர 1 மணி நேரம். பொருள்களின் பெயர், அளவு எல்லாம் திரையில் வர 1 மணி நேரம். கலர் சரிசெய்து, எக்ஸ்போர்ட் போட்டு, கடைசியாக ஒருமுறை முழுசாகப் பார்க்க அரை மணி. இதுவரை 7 மணி நேரம். திருத்தத்துக்கு 1 மணி நேரம் சேர்த்தால் 8.

உங்கள் ஒரு மணி நேர உழைப்புக்கு 250 ரூபாய் என்று வைத்தால், வீடியோவின் விலை 2,000 ரூபாய். ஆயிரம் என்று சொல்லியிருந்தால் மணிக்கு 125 ரூபாய்தான் கிடைத்திருக்கும். எனவே, கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஃபுட்டேஜ் மொத்தம் எத்தனை நிமிஷம் வரும்?” என்பதுதான். அடுத்த வாரம் அதே 8 நிமிட வீடியோவுக்கு 140 நிமிட ஃபுட்டேஜ் வரலாம். பார்ப்பதற்கு மட்டுமே இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடும். ‘75 நிமிடம் வரை இந்த விலை, அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 200 ரூபாய்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பு இருக்காது.

அடுத்தது டெலிவரி. ‘24 மணி நேரத்தில் ரெடி’ என்று சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். கல்லூரியோ வேலையோ முடித்து தினமும் 3 மணி நேரம் மட்டும் உட்கார்பவருக்கு, மேலே சொன்ன வேலை 3 நாள் பிடிக்கும். கரண்ட் கட், சிஸ்டம் மக்கர் என்று ஒரு நாள் சேர்த்து ‘4 நாள்’ என்பதே நேர்மையான வாக்கு.

அந்த நான்கு நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். போனில் எடுத்த 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 350 எம்பி வரைகூடப் போகும். 70 நிமிடம் என்றால் 24 ஜிபிக்கு மேல். கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பதே 15 ஜிபிதான். சிலர் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிவிடுவார்கள். தரம் குறைந்து, எழுத்தெல்லாம் மங்கி வந்து சேரும். எனவே, ‘எல்லா ஃபைலும் வந்து, திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று நான் சொன்ன நேரத்திலிருந்து 4 நாள்’ என்று பேசிக்கொள்ளுங்கள்.

திருத்தத்துக்கும் எல்லை வேண்டும். ஒரு சுற்று விலைக்குள் அடக்கம். ‘2:14-ல் எழுத்து தப்பு, 5:40-ல் பாட்டு சத்தம் அதிகம்’ என்று நேரம் குறிப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள். “ஆரம்பத்தையே மாத்திடலாமா?” என்பது திருத்தம் இல்லை, புது வேலை. அதற்குத் தனி விலை.

சரி, இன்னும் ஒரு கஸ்டமர்கூட இல்லாதவர் எதைக் காட்டி வேலை கேட்பது? பாட்டுக்கு ஏற்றபடி படபடவென்று காட்சி மாறும் ரீல் சமையல் சேனல்காரருக்கு உதவாது. பேச்சு தெளிவாகக் கேட்கிறதா, வெட்டிய இடம் உறுத்துகிறதா என்றுதான் அவர் பார்ப்பார். வீட்டில் அம்மா ரசம் வைப்பதைப் பேசச் சொல்லி 20 நிமிடம் எடுங்கள். அதை ஒரு நிமிடமாக எடிட் செய்யுங்கள். தொடக்கத்தில் எடிட் செய்யாத காட்சியை 10 நொடி வையுங்கள். வித்தியாசம் தானே புரியும். மற்றவர்களின் வீடியோவை அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம். இசைக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரி இருக்கிறது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும்.

இனி அந்தக் கேள்வி வந்தால், இப்படி பதில் அனுப்பலாம்: ‘8 நிமிட வீடியோ, 75 நிமிட ஃபுட்டேஜ் வரை, ஒரு சுற்று திருத்தத்துடன் ரூ.2,000. பாதி முன்பணம். ஃபைல் முழுதாக வந்ததிலிருந்து 4 நாள். திருத்தத்துக்கு மேலும் 1 நாள். மீதிப் பணம் வந்ததும் இறுதி ஃபைல்.’