பாலம் என்னும் பிழைப்பெயர்

ஈஜிபுராவின் தனிப்பயிற்சி வகுப்பொன்றில் எலக்ட்ரான்கள் இன்றும் உப்புப்பாலத்தின் மீது நடக்கின்றன. குற்றம் மாணவருடையதன்று, பெயருடையது. பாலமென்றால் கடப்பதற்கே என்றுதான் எவரும் கொள்வர்.

துத்தநாக அணு ஒவ்வொன்றும் கரைகையில் விட்டுச்செல்லும் இரண்டு எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகவே தாமிரத் தகட்டை அடைந்து, அங்குள்ள தாமிர அயனியை உலோகமாக்குகின்றன. அதனால் துத்தநாகக் குவளையில் நேர்மின்னூட்டமும், மற்றதில் எதிர்மின்னூட்டமும் மிகத் தொடங்கும். இம்மி மிகுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். அதை ஈடுசெய்யவே, குழாயின் அகர் கூழிலிருந்து குளோரைடு அயனிகள் துத்தநாகப் பக்கமும், பொட்டாசியம் அயனிகள் தாமிரப் பக்கமும் இறங்குகின்றன.

குழாயை உருவினால், ஏறத்தாழ 1.1 வோல்ட் காட்டிய மானி சுழியத்துக்கு வீழும். விந்தை யாதெனில், பாலம் அறுந்ததால் எலக்ட்ரான் நின்றதென்று மாணவர் அதையே சான்றாக்குகிறார்! பெயர் விதைத்த பிழையைச் சோதனையும் உறுதிசெய்கிறது. ‘ஈடுசெய்குழாய்’ என்றழைத்தால் என்ன குறைந்துவிடும்?