மாற்றுக் கார் கேட்க முடியாது என்பது தவறு

பெர்மாஸ் ஜெயாவில் யாருடைய புதுக் கார் திரும்பத் திரும்பப் பழுதானாலும் அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சுதான்: "சிங்கப்பூர்ல லெமன் சட்டம் இருக்கு, இங்க இல்ல. வாரண்டியில சரி பண்ணித் தருவாங்க, அதோட சரி." சிங்கப்பூரில் அந்தச் சட்டம் 2012 செப்டம்பரில் வந்தது. மலேசியாவில் அந்தப் பெயரில் சட்டம் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் வாரண்டியோடு நம் உரிமை முடிந்துவிடுகிறது என்பது தவறு.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சரிசெய்யக்கூடிய குறையானால் முதலில் விற்றவருக்கு வாய்ப்பு தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் சரிசெய்யாவிட்டாலோ, தெரிந்திருந்தால் யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள் எனும்படி குறை பெரிதாக இருந்தாலோ, பொருளை நிராகரித்துப் பணத்தையோ மாற்றுப் பொருளையோ கேட்கலாம். ஒரு நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் காரைப் பற்றிய வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே தீர்ப்பளித்தது.

"கார் கம்பெனியிடம் கேளுங்கள்" என்று விற்பனைக் கடைக்காரர் கைகழுவுவதும் செல்லாது. நிராகரிக்கும் உரிமை, விற்றவருக்கு எதிரானது. தயாரிப்பாளரிடம் முக்கியமாக இழப்பீடுதான் கேட்கலாம். ஆகவே கடிதத்தைக் கடைக்கு எழுதி, நகலைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள்.

"சோதித்தோம், பழுதே இல்லை" என்ற பதில்தான் பலரைத் தோற்கடிக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் உதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒர்க்‌ஷாப் ஜாப் ஷீட்டில் "பொதுச் சோதனை" என்று மட்டும் எழுதினால், பிறகு உங்களிடம் ஆதாரமே இருக்காது. என்ஜின் சூடானபின், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறுகிறது என்று நீங்கள் சொன்னபடியே எழுதவைத்து, மீட்டர் அளவு, விட்ட தேதி, எடுத்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். ஒரே குறைக்காக அடுத்தடுத்து வந்த ஜாப் ஷீட்டுகள்தான், பழுதுபார்த்தும் பலனில்லை என்பதற்கான சான்று.

"பார்ப்போம், இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள்" என்பதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுவது ஆபத்து. நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். கடிதத்தில் "கவனிக்கவும்" என்று எழுதாமல், "இந்தக் காரை நிராகரிக்கிறேன், அதே ரகத்தில் மாற்றுக் கார் தேவை" என்று காரணத்தோடு எழுதி, பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள்.

கடை மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. காரின் விலை அதைத் தாண்டினால் சிவில் நீதிமன்றம்தான் வழி, அங்கே செலவு கூடும். எது எப்படியானாலும் வங்கித் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் வங்கியோடு. கடையோடு சண்டை என்று தவணையை விட்டால் வங்கி காரை இழுத்துப் போகும்.