கம்பியின் மேல் முப்பது போதாது

காற்று சென்டிமீட்டருக்கு 30 கிலோவோல்ட்டில் முறியும். ஆகவே உயர் மின்னழுத்தக் கம்பியின் மேற்பரப்பில் மின்புலம் அந்த அளவைத் தொட்டதும் கொரோனா தொடங்கிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எதிரெதிரே வைத்த இரண்டு தட்டைத் தகடுகளுக்கு அந்த எண் பொருந்தும். மெல்லிய கம்பிக்குப் பொருந்தாது.

10 செ.மீ. ஆரமுள்ள உலோகக் குழாயின் நடுவே 0.1 மி.மீ. ஆரமுள்ள கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுவோம். கம்பியின் மேற்பரப்பில் மின்புலம் E = V / (r ln(R/r)). இதன்படி வெறும் 2.1 கிலோவோல்ட்டிலேயே மேற்பரப்பு மின்புலம் 31-ஐ எட்டிவிடுகிறது. ஆனால் இருட்டறையில் பார்த்தாலும் ஊதா ஒளி தெரியாது. சீறல் ஒலி கேட்காது. மைக்ரோஅம்மீட்டரின் முள்ளிலும் சொல்லத்தக்க அசைவு இராது. எஃப். டபிள்யூ. பீக் தம் சோதனைகளிலிருந்து வகுத்த வாய்பாட்டின்படி, இந்தக் கம்பிக்கு மேற்பரப்பில் ஏறத்தாழ 126 கிலோவோல்ட்/செ.மீ. வேண்டும். அதற்குச் சுமார் 8.7 கிலோவோல்ட் கொடுக்க வேண்டும். நான்கு மடங்கு வித்தியாசத்தைச் சிறு பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

காரணம், ஒரு புள்ளியில் மின்புலம் வலுவாக இருந்தால் மட்டும் போதாது என்பதே. ஓர் எலெக்ட்ரான் மூலக்கூறுகளில் மோதி இன்னொன்றை விடுவித்து, அவை மேலும் மோதி, தானே தொடரும் அளவுக்குப் பெருக வேண்டுமானால் அதற்கு ஓடுதூரம் தேவை. மெல்லிய கம்பியை விட்டு விலகியதும் மின்புலம் மளமளவென்று சரிகிறது. பீக்கின் வாய்பாட்டைப் பிரித்துப் பார்த்தால், மேற்பரப்பிலிருந்து 0.3 மி.மீ. தள்ளியுள்ள இடத்தில் மின்புலம் 31-ஐ எட்டும்போதுதான் இந்தக் கம்பியில் கொரோனா தொடங்குகிறது. ஆக, முப்பது என்ற எண் பொய்யில்லை. அதைப் பார்க்க வேண்டிய இடம் மேற்பரப்பு அல்ல, அவ்வளவுதான். 1 செ.மீ. ஆரமுள்ள தடித்த கம்பிக்கு இந்தத் தூரம் 3 மி.மீ.; மேற்பரப்பில் தேவைப்படுவது சுமார் 40 மட்டுமே.

'கம்பி எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு குறைந்த மின்னழுத்தம் போதும்' என்பது பாதி உண்மை. 1 மி.மீ. ஆரத்துக்கு 28 கிலோவோல்ட் தேவை. ஆரம் பத்திலொன்றாகக் குறைந்தும் தேவை மூன்றிலொன்றாக மட்டுமே இறங்குகிறது. இவை வழவழப்பான, சுத்தமான கம்பிக்கும் இயல்பான காற்றழுத்தத்துக்கும் உரிய கணக்குகள். கீறலோ நீர்த்துளியோ இருந்தால் கொரோனா முன்னதாகவே தொடங்கும்.

மூன்றாவது வாதம், மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற மேற்பரப்பு மின்புலமும் ஏறிக்கொண்டே போகும் என்பது. கொரோனா தொடங்கும்வரை அது சரி. அதே கம்பிக்கு 16 கிலோவோல்ட் கொடுத்தால் சூத்திரம் 230 என்கிறது. ஆனால் கம்பியின் மின்குறியையே உடைய அயனிகள் குழாய்க்குள் பரவிநின்று மேற்பரப்பு மின்புலத்தை ஏறக்குறைய அந்த 126-லேயே பிடித்துவைக்கின்றன. கூடுதல் மின்னழுத்தத்தால் ஏறுவது மைக்ரோஅம்மீட்டர் காட்டும் மின்னோட்டமும், குழாய்ச் சுவரை அடுத்த மின்புலமும்தான்.