விலையை மறைத்து விற்காதீர்கள்

கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் வீட்டிலிருந்தபடியே புடவை, ஆரி பிளவுஸ், கேக் விற்கும் பெண்கள் நிறைய பேர் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். படம் அழகாக இருக்கும், கீழே எழுதியிருப்பதும் தெளிவாக இருக்கும், விலை மட்டும் இருக்காது. ‘விலைக்கு டி.எம். பண்ணுங்க’ என்று முடித்திருப்பார்கள். மெசேஜ் வந்தால்தான் பதிவு பலருக்கும் போகும், விலை கேட்டு வருகிறவர்தான் வாங்குவார் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டுமே தவறு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு பதிவு புதியவர்களுக்குப் போய்ச் சேர எவை முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார்கள். இந்த மூன்றாவதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விற்பவரிடம் ‘எவ்ளோ சிஸ்?’ என்று கேட்பது அதில் சேராது. ஒருத்தி தன் அண்ணிக்கு அந்தப் புடவையை அனுப்பி, “இது பாருங்க, 1,450தானாம்” என்று சொல்வதுதான் சேரும். விலை இல்லாத படத்தை அப்படிச் சொல்லி அனுப்ப முடியாது.

இரண்டாவது நம்பிக்கையில் உள்ள பிழை இன்னும் பெரியது. தாம்பரம்–செங்கல்பட்டு மின்ரயிலில் வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண்ணிடம் 1,500 ரூபாய்தான் இருக்கிறது. விலையைக் கேட்டபின் வாங்காமல் போவது நம்மவர்களுக்குக் கூச்சமான காரியம். அதனால் அவர் கேட்கவே மாட்டார். வாங்கக்கூடிய விலையாகவே இருந்தாலும் ‘சொல்லவே மாட்டேங்கிறாங்கன்னா அதிகமாத்தான் இருக்கும்’ என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போய்விடுவார். கேட்பவர்களில் பலர் பொழுதுபோகக் கேட்பவர்கள். விலை கேட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று புலம்புகிறோமே, அவர்களை வரவழைத்தது நம் வாசகம்தான்.

நேரக் கணக்கும் உண்டு. ஒரு விசாரணைக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 40 மெசேஜ் வந்து 4 ஆர்டர் ஆனால், 36 பேருக்குப் பதில் சொன்னதில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விட்டது. அந்த நேரத்தில் ஒரு கேக்குக்கு க்ரீம் பூசி முடித்திருக்கலாம். போதாக்குறைக்கு, நீங்கள் பின்தொடராதவர் அனுப்பும் மெசேஜ் பெரும்பாலும் ‘ரிக்வெஸ்ட்’ பகுதியில் போய் உட்காரும். இரவு பார்ப்பதற்குள் அவர் வேறிடத்தில் வாங்கியிருப்பார்.

விலையை மறைக்க உண்மைக் காரணம் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே மொத்த வியாபாரியின் படத்தைப் பலர் ஆளுக்கொரு விலையில் போடுகிறார்கள். எழுதினால் பக்கத்து அபார்ட்மென்ட்காரர் 50 ரூபாய் குறைத்துவிடுவார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் போட்டியாளர் ஒரு போலிக் கணக்கிலிருந்து கேட்டால் ஒரே நிமிடத்தில் உங்கள் விலையைத் தெரிந்துகொள்வார். தெரியாமல் போவது வாங்க வந்தவருக்கு மட்டும்தான். இன்னொரு காரணமும் உண்டு: ஆளைப் பார்த்து விலை சொல்வது. இதை நான் நேராகவே கண்டிக்கிறேன். ஒரே குடியிருப்பில் இருவர் ஒரே புடவையை வேறு விலைக்கு வாங்கியது தெரிந்த அன்று இரண்டு வாடிக்கையாளரும் போய்விடுவார்கள். இணைய வணிகத்துக்கென 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும், டெலிவரி, வரி எல்லாம் பிரித்துக் காட்டி மொத்த விலையை ஒரே தொகையாகச் சொல்லச் சொல்கின்றன. வீட்டு வியாபாரத்துக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதாடலாம்; வாங்குபவர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

“எங்களுடையது ஆர்டருக்கு ஆர்டர் மாறுமே” என்று ஆரி வேலை செய்பவர் கேட்பார். சரியான கேள்வி. ‘500 முதல்’ என்று எழுதுவது இதற்கு விடையல்ல. படத்தில் கல்யாண பிளவுஸைக் காட்டிவிட்டு 500 என்றால் ஏமாற்றியதாகத்தான் ஆகும். படத்தில் இருப்பதன் விலையை எழுதுங்கள்: ‘இந்த பிளவுஸ் 3,200. கை வேலை இல்லாமல் கழுத்து மட்டும் 1,400. தையல் கூலி தனி.’ எது கூட்டும், எது குறைக்கும் என்று தெரிந்துகொண்டு வருபவர் அளவு கேட்பார், தேதி கேட்பார். மெசேஜ் அதற்குத்தான் வேண்டும். கேக் என்றால் ‘ஒரு கிலோ 800, ஊரப்பாக்கம் வரை டெலிவரி 60, தாம்பரம் என்றால் நீங்களே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் மீதி ‘மோர்’ என்பதற்குள் மறைந்துவிடும். சரக்கு விலை ஏறி இறங்குமென்றால் ‘இந்த விலை 15ஆம் தேதி வரை’ என்று சேர்த்து, தேதி போனதும் திருத்துங்கள். பழைய பதிவின் விலையைக் காட்டிச் சண்டைக்கு வருபவர் உண்மையாகவே வருவார்.

பத்துப் பதிவுக்கு இப்படி எழுதிப் பார்த்து, வந்த மெசேஜை விட்டுவிட்டு ஆர்டரை எண்ணுங்கள். மெசேஜ் கட்டாயம் குறையும். அதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாளே பழைய வாசகத்துக்குத் திரும்பிவிடுவதால்தான் பலருக்கு ஆர்டர் கூடியதா என்பதே தெரியாமல் போகிறது.