கோபத்துக்குள் ஒரு கேள்வி

படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் அரங்கில் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். முதன்முறையாக நெறியாளராக நிற்பவர்கள் அந்த அமைதிக்குப் பயந்து, "கேள்வி இருந்தால் கையை உயர்த்துங்கள்" என்று அவசரப்படுவார்கள். ஒரு கையும் எழாது. பார்வையாளர்கள் இன்னும் படத்துக்குள்தான் இருக்கிறார்கள். அதனால் முதல் கேள்வியை நெறியாளரே கேட்க வேண்டும். அதற்குப் பதில் வருவதற்குள் மற்றவர்கள் தங்கள் கேள்வியை மனத்தில் கோத்துக்கொள்வார்கள்.

நான் படத்தை முன்கூட்டியே பார்த்து ஐந்து கேள்விகள் எழுதிக்கொள்வேன். இருபது நிமிட அங்கத்தில் இரண்டு மூன்றுதான் பயன்படும். "இந்தக் கதை எப்படித் தோன்றியது?" என்று கேட்டால், இயக்குநர் பத்து இடங்களில் சொன்ன பதிலையே நமக்கும் சொல்வார். படத்தில் கண்ட ஒன்றைச் சுட்டிக் கேட்பது நல்லது. 2015இல் வெளியான 'ஜகாட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். கெட்டது, தீயது என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல், நம்மவர் வாயில் மாறி அந்தத் தலைப்பானது. "தலைப்பு ஏன் தமிழிலும் இல்லாமல், சரியான மலாயிலும் இல்லாமல் இருக்கிறது?" என்று கேட்டால், அந்தச் சொல் புழங்கும் வீட்டையும் தெருவையும் பற்றிப் பேசாமல் பதில் சொல்ல முடியாது.

திரையிடலுக்கு முன் இயக்குநரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்வேன். எதைப் பற்றிப் பேச ஆசை? எதைத் தொட வேண்டாம்? இரண்டாவது கேள்வியின் அருமை ஒரு நாள் சூடுபட்டுத்தான் எனக்குப் புரிந்தது.

தோட்டப்புறக் குடும்பம் ஒன்றைப் பற்றிய குறும்படம் அது. அப்பா குடிகாரர். இயக்குநர் இருபதுகளில் இருந்த பெண். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "நம்மாளுங்கன்னாலே குடி, அடிதடிதானா? உங்களுக்கெல்லாம் எடுக்க வேற கதையே கிடைக்கலையா?" அரங்கில் சலசலப்பு. நான் பதறி, "நன்றி ஐயா, நேரமாகிவிட்டது" என்று அங்கத்தை முடித்துவிட்டேன். பெரியவர் வெளியே போய்விட்டார். அந்தப் பெண் என்னிடம் சொன்னது: "எனக்குப் பதில் இருந்துச்சுண்ணே. அது என் அப்பா கதை."

முன்பே கேட்டிருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்கும். அவர் பேச விரும்பிய ஒன்றையே நான் அடைத்துவிட்டேன்.

இப்போது அப்படி ஒருவர் எழுந்தால் முதலில் அவரை முழுதாகப் பேச விடுகிறேன். ஒலிவாங்கி மட்டும் தொண்டர் கையிலேயே இருக்கும். பேசுபவர் கைக்குப் போனால் திரும்பி வருவது கடினம். அவர் முடித்ததும் கோபத்தைக் கழித்துவிட்டு, கேள்வியை எடுத்துச் சொல்வேன். "ஐயா, தோட்டத்து வாழ்க்கை என்றாலே குடியைத்தான் காட்டுகிறார்கள், மற்றதைக் காட்டுவதில்லை என்கிறீர்கள். சரியா?" இங்கே இனிப்புத் தடவக் கூடாது. "படம் இன்னும் நம்பிக்கையோடு இருந்திருக்கலாம் என்கிறார்" என்று மழுப்பினால், அவர் உட்காராமல் நிற்பார். தலையசைத்து உட்கார்ந்தால்தான் நாம் சரியாகச் சொல்லியிருக்கிறோம்.

பிறகு இயக்குநரிடம், "இதற்கு இப்போது பதில் சொல்கிறீர்களா, இன்னொரு கேள்வியோடு சேர்த்துச் சொல்கிறீர்களா?" என்பேன். மூச்சு வாங்க அவருக்கு அது போதும். அவர் பதில் சொன்னதும் ஒலிவாங்கி அரங்கின் மறுபக்கத்துக்குப் போய்விட வேண்டும். அதே இருவருக்குள் இரண்டாவது சுற்று தொடங்கினால் அது விவாதமாகிவிடும். மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். "மீதியை வெளியே தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம், ஐயா" என்றால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

எல்லாக் கடுஞ்சொல்லிலும் கேள்வி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நடிகையின் உடலைப் பற்றியோ, ஒருவரின் சாதியைப் பற்றியோ பேச்சு போனால் முடிக்க விடுவதில்லை. "இதை இங்கே எடுத்துக்கொள்ள முடியாது" என்று குரலை உயர்த்தாமல் சொல்லி, அடுத்த கைக்குப் போய்விடுவேன். அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் அந்தப் பேச்சே வளரும்.

எழுதி வைத்த ஐந்தில் ஒரு கேள்வியைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருப்பேன். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சியைப் பற்றியது அது. முடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது அதைக் கேட்பேன். அப்போதுதான் இயக்குநரும் பார்வையாளரும், கோபமாகப் பேசிய பெரியவரும்கூட, படத்தைப் பேசியபடியே எழுந்து போவார்கள்.