முதியோர் மனமும் மிச்சமுள்ள காலமும்

வயது ஏற ஏற மனிதனின் சுற்றம் சுருங்குகிறது என்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் ஊர்க் கூட்டம், கட்சிக் கூட்டம், கல்யாணம், பஞ்சாயத்து என எங்கும் முன்னின்றவர், எழுபதைக் கடந்தபின் இரண்டு மூன்று பழைய சிநேகிதர்களோடும் பேரக் குழந்தைகளோடும் திருப்தியடைந்து விடுகிறார். புதியவர் எவரேனும் வந்தால் மரியாதைக்கு நாலு வார்த்தை பேசி அனுப்பி விடுகிறார். இதைக் கண்டு இளைஞர் பலர் பரிதாபப்படுகின்றனர். கிழவருக்கு உற்சாகம் போயிற்று, உலகத்தின் மீதே பற்று விட்டது என்கின்றனர். இந்த அபிப்பிராயம் தவறு என்பதே நமது கருத்து. தவறான அபிப்பிராயத்தின் மேல் கட்டப்படும் உதவியும் தவறாகவே முடியும் என்பதால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் மனநூற் பேராசிரியை லாரா கார்ஸ்டென்சன் 1990ஆம் ஆண்டு முதற்கொண்டு வகுத்துவந்த ஒரு கொள்கையுண்டு. சமூக உணர்ச்சித் தேர்வுக் கொள்கை என்று அதற்குப் பெயரிடலாம். அதன் சாரம் இதுதான்: தன் முன்னே காலம் பரந்து கிடக்கிறது என்று எண்ணுபவன், பிற்காலத்தில் பயன்படும் அறிவையும் புதிய அறிமுகங்களையும் தேடுகிறான், அதற்காகச் சங்கடங்களையும் பொறுக்கிறான். காலம் குறுகியது என்று உணர்பவனோ, இன்றைய மனநிறைவையே நாடி, நெருங்கியவர்களைத் தேர்ந்து மற்றவர்களை விலக்குகிறான். ஆகவே சுற்றம் சுருங்குவது இழப்பு மட்டுமன்று; பெரும்பாலும் அது தெரிந்து செய்யும் தேர்வாகும். பெர்லின் நகரில் 70 முதல் 104 வயது வரையுள்ளவர்களை ஆராய்ந்து 1994ல் வெளியான முடிவும் இதற்கு ஆதரவாயிருக்கிறது. மிக முதியவர்களின் சுற்றம் மற்ற முதியோருடையதில் ஏறக்குறையப் பாதியாயிருந்தது. ஆனால் மிக நெருங்கியவர்களின் எண்ணிக்கை இரு சாராருக்கும் மாறுபடவில்லை.

இதைச் சோதித்த முறை எளிது. அரைமணி நேரம் ஓய்வு கிடைத்தால் நெருங்கிய குடும்பத்தார் ஒருவர், சமீபத்தில் அறிமுகமான ஒத்த சுபாவமுள்ளவர், தாம் படித்து முடித்த நூலின் ஆசிரியர் ஆகிய மூவரில் யாரோடு கழிப்பீர் என்று கேட்டார்கள். முதியோர் பெரும்பாலும் குடும்பத்தாரையே நாடினர். இளைஞரிடம் அத்தகைய சாய்வு இல்லை. அடுத்து, தாம் சீக்கிரமே தனியாகத் தூரதேசம் குடிபெயரப் போவதாக எண்ணிக்கொள்ளும்படி இளைஞரிடம் சொன்னபோது அவர்களும் குடும்பத்தாரையே நாடினர். பின்னர் வேறோர் ஆராய்ச்சியில், மருத்துவத்தின் உதவியால் இருபது ஆண்டு ஆயுள் கூடியதாக எண்ணச் சொன்னபோது முதியோரின் சாய்வு மறைந்தது. கொள்கையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மனத்தைத் திருப்புவது நரையோ தளர்ச்சியோ அன்று. மிச்சமுள்ள காலத்தைப் பற்றிய உணர்ச்சியே.

அரசியலில் ஈடுபட்ட நேயர்கள் இதற்கு ஹாங்காங்கின் உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷார் வசமிருந்த அப்பிரதேசம் 1997 ஜூலை 1ஆம் தேதி சீனாவின் கைக்கு மாறியது. அதற்கு ஓராண்டு முன்பு கேட்டபோது முதியோர் மட்டுமே நெருங்கியவரை நாடினர். கைமாறும் நாள் சமீபித்தபோது இளைஞரும் முதியோரைப் போலவே விடையளித்தனர். நாள் கடந்து, வாழ்க்கை வழக்கம்போல நடக்கக் கண்டபின், பழைய வேற்றுமை திரும்பி வந்தது. ஒரு சகாப்தம் முடிகிறது என்ற எண்ணமே இருபது வயது வாலிபனுக்கு முதியவரின் மனத்தை அளித்துவிட்டது!

இவ்வாறு தேர்ந்து வாழ்வதால் முதியோருக்கு நன்மையுண்டா? 18 முதல் 94 வயது வரையுள்ள 184 பேரை, ஒரு வாரகாலம் தினம் ஐந்து முறை எதிர்பாராத வேளைகளில் அவர்களது மனநிலையைக் குறிக்கச் செய்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மகிழ்ச்சியின் அளவில் வயதானவர் குறைந்திருக்கவில்லை. துன்ப உணர்ச்சி அவர்களிடம் அபூர்வமாகவே வந்தது. ஆயுள் நீண்டவர்கள் ஆதியிலேயே மகிழ்ச்சியுள்ளவர்கள்தானே என்று ஆக்ஷேபிக்கலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் அதே மனிதர்களைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து பார்த்து 2011ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், வயதோடு மனநிலை சீர்படுவதே தென்பட்டது. 2020 ஏப்ரலில் கொரோனா நோய் முதியோரையே அதிகமாக அச்சுறுத்திய நாட்களிலும் அமெரிக்க முதியோர் இளைஞரைவிட மனநிம்மதியோடிருந்தனர்.

ஆனால் இதைக் கேட்டு, நம் முதியோர் சுகமாகவே இருப்பர், அவர்களைப் பற்றிக் கவலையில்லை என்று எவரேனும் முடிவுகட்டினால் அது பெருந்தவறு. பல தேசங்களின் கணக்கை ஒப்பிட்டு 2015ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஆங்கிலம் பேசும் செல்வ நாடுகளில் முதுமையில் வாழ்க்கைத் திருப்தி உயர்வதையும், கிழக்கு ஐரோப்பா, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் அவ்வாறு உயராததையும் எடுத்துக் காட்டிற்று. நம் நாட்டில் 2017-18ல் நடந்த தேசிய முதுமை ஆய்வில் 60 கடந்தவரில் நூற்றுக்கு எட்டுப்பேர் வரை கடும் மனச்சோர்வின் அறிகுறி உடையவராய்க் காணப்பட்டனர். காரணம் வெளிப்படை. தேர்வு என்பது தேர்ந்தெடுக்க இடமுள்ளவருக்கே உண்டு. தவிர்க்கக்கூடிய சங்கடத்தைத் தவிர்ப்பதே முதியவரின் பலம். தவிர்க்க முடியாத கடனும் தீராத வியாதியும் தனிமையும் வந்து அமர்ந்துவிட்டால் அந்தப் பலம் அங்கே செல்லாது.

ஒரத்தநாட்டை எடுத்துக்கொள்வோம். கல்லணைக் கால்வாய் பாயும் இத்தாலுகாவில் நெல்லோடு தென்னையும் குடிகளின் ஜீவனம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நெட்டைத் தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு ஆண்டு பிடிக்கும். முப்பது வயதினனுக்கு அது பொறுத்திருக்கக்கூடிய காலம். எழுபத்தைந்து வயதினருக்கு அது மிச்சமுள்ள வாழ்நாள் முழுவதுமாக இருக்கலாம். இத்தகையவரிடம் புதிய தொழிலையும் எதிர்கால லாபத்தையும் பேசுவது வீண். தம் பேரன் பறிக்கப்போகும் காய் என்றால் அவர் கன்று நடுவார். அதில் அவருடைய மனநிறைவு இன்றைக்கே கிடைத்துவிடுகிறது.

பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் வெளியூர் சென்றபின், தாய் தந்தையரைத் தம்மோடு பட்டணத்துக்கு அழைத்துச் செல்வது பாசத்தால்தான். எனினும் அங்கே அவருக்குக் கிடைப்பவர் புதியவர்கள். அவர் ஆயுள் முழுதும் சலித்தெடுத்த நாலைந்து பேரோ ஊரிலேயே இருக்கிறார்கள். நூறு புதிய முகங்கள் அந்த நால்வருக்கு ஈடாகா. முதியோரைக் கூட்டிவைத்துக் கேளிக்கை நடத்தும் நம் ஊழியர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். பழைய சிநேகிதர் வீட்டுக்கு ஒருவரை அழைத்துச் சென்று வர வண்டி அமர்த்துவது அதைவிட மேலான தொண்டு.

சர்க்காரின் கடமையும் இதிலிருந்தே விளங்கும். முதியவர் தம் ஊரிலேயே தம் மனிதரோடு வாழ வகைசெய்ய வேண்டும். அதற்குப் பணமும் அருகில் வைத்தியமும் தேவை. தமிழ்நாட்டு சர்க்கார் 2023ல் முதியோர் உதவித் தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதில் 80 வயதுக்குட்பட்டோருக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு 2006ல் நிர்ணயித்த 200 ரூபாயாகவே அப்போதும் நின்றது. பதினேழு ஆண்டுகளில் அரிசி விலை நின்ற இடத்தில் நிற்கவில்லை. மனநிறைவு முதுமைக்குத் தானாக வரும் வரம் என்று கருதுவோர், அதை இந்த 200 ரூபாயில் வாழ்ந்து காட்டட்டும். முதியவர் தம் மனத்தைத் தாமே ஆண்டுகொள்வார். அதற்குக் குறுக்கே நிற்கும் பசியையும் கடனையும் பிரிவையும் அகற்றுவதே நாம் செய்யவேண்டிய காரியம்.