உருவத்தோடு நின்றுவிடும் வாசிப்பு

உருவமே வெறுமை, வெறுமையே உருவம் என்ற பௌத்தத் தொடர் இன்று பெரும்பாலும் இரண்டு விளக்கங்களோடு வலம் வருகிறது. அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடமே என்பதை நவீன இயற்பியலுக்கு முன்பே பௌத்தம் கண்டுவிட்டது என்பது ஒன்று. காணும் உலகம் பொய், அதன் பின்னே ஒரு மெய்ப்பொருள் இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. அதைக் காட்டும் சான்று வேறெங்கும் இல்லை, அத்தொடரை அடுத்து வரும் வாக்கியத்திலேயே இருக்கிறது.

தொடர் இடம்பெறும் நூல் பிரஜ்ஞாபாரமிதா ஹிருதயம். சில நிமிடங்களில் ஓதி முடித்துவிடக்கூடிய இச்சூத்திரத்தில் அவலோகிதேசுவரர் சாரிபுத்திரரிடம் பேசுகிறார். உருவத்தைப் பற்றிச் சொன்னதும், எஞ்சிய நான்கு கந்தங்களுக்கும் இதுவே பொருந்தும் என்கிறார். மணிமேகலை ஐந்து கந்தங்களை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனத் தமிழில் தருகிறது. ஆகவே நுகர்ச்சியே வெறுமை, வெறுமையே நுகர்ச்சி. அறிவே வெறுமை, வெறுமையே அறிவு என்றும் படித்தாக வேண்டும். மேற்கோள் காட்டுவோர் உருவத்தோடு நின்றுவிடுவதால் இந்தச் சோதனை நடைபெறுவதே இல்லை.

சோதித்துப் பார்த்தால் முதல் விளக்கம் உடனே விழுகிறது. பல்வலி ஒரு நுகர்ச்சி; அதற்குள் அணுக்களும் இல்லை, அணுக்களிடையே வெற்றிடமும் இல்லை. மேலும், வெற்றிடத்தைக் குறிக்கப் பௌத்தத்தில் ஆகாசம் என்ற தனிச்சொல் உண்டு. சர்வாஸ்திவாதிகள் அதைத் தனக்கென இயல்புடைய ஒரு தர்மமாகவே எண்ணினர். சூன்யதைக் கொள்கைக்கு அந்த ஆகாசமும் விலக்கன்று.

இரண்டாம் விளக்கம் அறிவுக் கந்தத்தில் முறிகிறது. உலகைப் பொய்யென்று தள்ளியபின் தூய அறிவு ஒன்று எஞ்சும் என்று கொள்ளச் சூத்திரம் இடந்தரவில்லை. அறிவையும் அது அதே வரிசையில் வைக்கிறது. தொடரின் பிற்பாதியின் பணியும் இதுவே. உருவமே வெறுமை என்று மட்டும் நிறுத்தியிருந்தால், வெறுமை என்பது உருவத்துக்கு அடியில் கிடக்கும் வேறொரு பொருள் என்று தோன்றக்கூடும். வெறுமையே உருவம் என்ற திருப்பம் அந்தக் கதவை அடைக்கிறது.

அப்படியானால் எது இல்லை? விடை சூத்திரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து கந்தங்களும் சுபாவம் அற்றவை என அவலோகிதேசுவரர் கண்டதாக வடமொழிப் பாடம் கூறுகிறது. சுவான்சாங் பெயரால் வழங்கும் சீனப் பாடத்தில் சுபாவம் என்ற சொல் அவ்விடத்தில் இல்லை. கந்தங்கள் வெறுமை என்று மட்டுமே உள்ளது. அப்பாடத்தை மட்டும் ஒட்டிய மொழிபெயர்ப்பைப் படிப்பவருக்கு, எதனால் வெறுமை என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைப்பதில்லை.

கேட்பவர் சாரிபுத்திரராக இருப்பதும் பொருளுடையது. அபிதர்ம மரபு அவரைப் பெரிதும் போற்றுகிறது. குடம் என்பது வெறும் வழக்கு, பகுத்தால் எஞ்சுவன திண்மை, ஈரம், வெம்மை, அசைவு என்பது அபிதர்மம் ஏற்கனவே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த அடிப்படைகளுக்குச் சொந்த இயல்பு உண்டு என அது அங்கே நின்றது. தீயின் வெம்மை அதற்கு வாடிக்கையான எடுத்துக்காட்டு. சந்திரகீர்த்தி தம் பிரசன்னபதையில் அதையே எடுத்துக்கொள்கிறார். வெம்மை விறகாலும் கடைதலாலும் சூரியகாந்தக் கல்லாலும் வெயிலாலும் தோன்றுகிறது. பிறவற்றைச் சார்ந்து தோன்றுவதைத் தீயின் சொந்த இயல்பு என எப்படிச் சொல்வது? தீ சுடவில்லை என்று அவர் சொல்லவில்லை. சுடுவது சார்பினால் என்கிறார்.

இப்போது நுகர்ச்சிக்குத் திரும்பலாம். துன்பம் வெறுமை என்றால் துன்பம் இல்லை என்று பொருளன்று. துன்பத்துக்குச் சொந்த இயல்பு இருந்தால் அது ஒருநாளும் நீங்காது. சார்ந்து தோன்றுவதால்தான் சார்பு நீங்கத் தானும் நீங்குகிறது. நாகார்ச்சுனர் மூலமத்தியமகக் காரிகையின் 24ஆம் அத்தியாயத்தில் வைக்கும் வாதம் இதுவே. சூன்யதை நான்கு வாய்மைகளை அழிக்கிறது என்ற எதிர்ப்புக்கு, சூன்யதை இல்லையேல்தான் அவை அழியும் என்று விடை தருகிறார். தவறாகப் பற்றிய பாம்பு பற்றியவனையே கொல்லும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே வருகிறது.

சூன்யதையில் உருவம் இல்லை, துன்பம் இல்லை, மார்க்கம் இல்லை என்று சூத்திரம் பின்னர் அடுக்கும் மறுப்புகளுக்கும் இதுவே திறவுகோல். அங்கே மறுக்கப்படுவது சொந்த இயல்போடு நிற்கும் உருவம், சொந்த இயல்போடு நிற்கும் துன்பம். இந்தத் தகுதியை விட்டுவிட்டால், பிறர் துயரை வெறும் தோற்றமென்று ஒதுக்க ஒரு சூத்திரம் கையில் கிடைத்துவிடும். கருணையின் வடிவமாகப் போற்றப்படும் போதிசத்துவரின் வாய்மொழி அதற்குப் பயன்படுவது எத்தனை பெரிய முரண்!

இத்தொடரைக் கற்பிக்கும் வகுப்பு உருவத்தில் தொடங்குவதில் பிழையில்லை. ஆனால் நுகர்ச்சியை அவ்விடத்தில் வைத்துப் படித்துக் காட்டாமல் அது முடியக் கூடாது.